டீசல் குடித்த வயலும் ஜெபகனி டீச்சரும்

ஜெபகனிக்கு எம்.ஃபில். பட்டம் வாங்கிக் கொடுத்தது பஸ் டிப்போ மண். பஸ்களுக்கு டீசல் நிரப்புகிற இடத்தில், வருஷக்கணக்காகச் சிந்திச் சிந்திக் கறுத்துப்போன தரையிலிருந்து ஒரு டப்பா மண் அள்ளி வந்து, அதற்குள்ளிருந்து டீசலைத் தின்று பிழைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் விரிவுரையாளராக வேலை கிடைத்தபோது அதையும் கண்ணாடிக் குழாய்களில் கூடவே எடுத்துப் போனாள். அவ்வப்போது புதுக் குழாய்க்கு மாற்றி வளர்க்காவிட்டால் செத்துப்போகும். கல்யாணம் ஆனபோதும், மகள் பிறந்தபோதும் அவள் அதைச் சாகவிடவில்லை. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த கணவன் ரிச்சர்ட், "வீட்டுல ஒரு நாய் வளத்தாக்கூட வாலாட்டும்" என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் லீவு நாளில் அவளைக் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிடுவதும் அவன்தான்.

அந்தப் பாக்டீரியாவால் யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை. வகுப்பில் எண்ணெய்க் கழிவு பற்றிய பாடம் வரும்போது, கடலில் கப்பல் உடைந்த கதைகளைச் சொல்லுவாள். பிள்ளைகள் குறிப்பு எடுப்பார்கள். பரீட்சை எழுதுவார்கள். அவளுக்கு அதில் குறையொன்றும் இல்லை. பாடம் நடத்துவது அவளுக்குப் பிடிக்கும்.

1995-ஆம் வருஷம் மாசியில், பிசான நெல் அறுப்பு முடிந்த சமயம், வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்த காசிலிங்கம் கையில் ஒரு சாக்குப் பையோடு கல்லூரிக்கு வந்தார். வேதியியல் துறையில் கேட்டிருக்கிறார். அவர்கள் இங்கே அனுப்பிவிட்டார்கள். பையைத் திறந்ததும் அறை முழுக்க டீசல் வாசம் அடித்தது.

"வீரவநல்லூர் தாண்டி கல்லிடைக்குறிச்சி போற ரோட்டுல, ஒரு வளைவுல டேங்கர் லாரி சாஞ்சிட்டு மேடம். ஓட்டுனவன் பொழச்சிக்கிட்டான். ஆனா டீசல் பூராவும் ஆவுடைநாயகம்னு ஒருத்தரு வயல்ல எறங்கிட்டு. எண்ணெய்க் கம்பெனிக்காரங்க வந்து, மேல் மண்ண வழிச்சி எடுத்துட்டுப் போறோம்னு சொல்லுதாங்க. அவரு மண்ணக் குடுக்கமாட்டேங்காரு. எங்க புஸ்தகத்துல இதுக்கு மருந்து ஒண்ணும் போடல."

ஜெபகனி மண்ணை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தாள். எட்டு வருஷமாகப் பாடத்தில் மட்டும் இருந்த விஷயம் ஒரு சாக்குப் பையில் ஏறி அவளைத் தேடி வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினாள்.

வயல் பத்து மரக்கால் விதைப்பாடு, ஏக்கருக்குக் கொஞ்சம் குறையும். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. தாள் மட்டும் நின்ற வயலில் பாதிக்கு மேல் ஈரம் பட்டதுபோலக் கறுத்துக் கிடந்தது. ஆவுடைநாயகம் ஐம்பது வயதுக்காரர், ஒடிசலானவர். அன்றைக்கு லாரி சாய்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடி மடையை அடைத்ததுதான். அதனால் வாய்க்காலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. அதற்குள் ஊரே குடமும் வாளியுமாக வந்து தேங்கி நின்ற டீசலை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

"வயல மிதிச்சிச் சவட்டிட்டானுவ டீச்சர்" என்றார் ஆத்திரத்தோடு.

"அவங்க அள்ளுனதும் நல்லதுதான் அண்ணாச்சி. அள்ளுன அளவுக்கு நமக்கு வேலை குறைஞ்சிட்டு" என்றாள் ஜெபகனி.

அவர் மனைவி உலகம்மாள் வரப்பில் நின்றபடி கேட்டாள். "கிணத்துல மோட்டாரப் போட்டு நாலு நாளு தண்ணியக் கட்டிக் கழுவி விட்டுட்டா என்ன டீச்சர்? நாங்க அதத்தான் நெனச்சிட்டு இருக்கோம்."

"அதச் செஞ்சிராதீங்கக்கா. கழுவுனா பாதி வாய்க்காலுக்குப் போகும். மிச்சம் தண்ணிக்கு அடியில அப்படியே கெடக்கும். இத எடுக்கப்போறது நாமல்ல. இந்த மண்ணுலயே டீசலத் திங்கிற பாக்டீரியா இருக்கும். அதுக்கு மூச்சு விடக் காத்து வேணும். தண்ணியக் கட்டினா மண்ணுக்குள்ள இருக்க காத்து ஒரு நாள்ல தீந்துபோகும்."

ஆவுடைநாயகம் காசிலிங்கத்தைப் பார்த்தார். "என்னவே சொல்லுதாங்க? கிருமி டீசலத் திங்குமா?"

"திங்கும்னுதான் அவங்க படிச்சிருக்காங்க" என்றார் காசிலிங்கம், தனக்கும் நிச்சயமில்லாத குரலில்.

மண்ணை வழித்துக் கொடுப்பதைவிட இது மேல் என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றியது. அந்த மேல் மண்ணுக்கு அவர் ஆட்டுக் கிடை போட்டதும் தழை மிதித்ததும் கொஞ்சநஞ்சமில்லை. அதை எடுத்துவிட்டால் கீழே இருப்பது வெறும் களிமண். "சரி டீச்சர். ஆனி மாசக் கார் நடவுக்குள்ள சரி பண்ணிக் குடுத்திருவியளா?" என்றார்.

சோதித்துப் பார்த்துச் சொல்வதாக ஜெபகனி சொன்னாள்.

அவள் மனதில் ஓர் ஆசை இருந்தது. தன் டிப்போ பாக்டீரியாவை டின் டின்னாகப் பெருக்கி அந்த வயலில் விட வேண்டும். அதற்கு முன் முறையாக ஒரு சோதனை வைத்தாள். வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து நான்கு குடுவைகளில் ஊற்றினாள். முதல் குடுவையில் மண்ணும் அதிலிருந்த டீசலும் மட்டும். இரண்டாவதில் கொஞ்சம் யூரியாவும் பாஸ்பேட்டும் சேர்த்தாள். மூன்றாவதில் யூரியா, பாஸ்பேட்டோடு தன் பாக்டீரியாவையும் விட்டாள். நான்காவதை நீராவியில் அவித்து, அதிலிருந்த உயிர் எல்லாவற்றையும் கொன்றாள். நான்கையும் குலுக்கும் எந்திரத்தில் ஏற்றிவிட்டு, வாராவாரம் கொஞ்சம் எடுத்து, மிச்சமிருக்கும் எண்ணெயைப் பிரித்து நிறுத்துப் பார்த்தாள்.

அவித்த குடுவையில் டீசல் கொஞ்சம்தான் குறைந்தது. அது ஆவியாகப் போன கணக்கு. முதல் குடுவையில் பையக் குறைந்து, பிறகு நின்றுபோனது. உரம் போட்ட இரண்டாவது குடுவையில் மளமளவென்று இறங்கியது. அவள் ஆவலோடு எதிர்பார்த்த மூன்றாவது குடுவையும் அதே வேகத்தில்தான் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் இல்லை. தட்டில் வளர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டீசல் விழுந்த பிறகு வயல் மண்ணிலேயே அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆயிரம் மடங்கு பெருகியிருந்தன. இவள் வளர்த்தது அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ரிச்சர்ட்டிடம் சொன்னாள். "எட்டு வருஷம் வளத்தேன். வயக்காட்டுல சும்மா கெடந்தது அதத் தோக்கடிச்சிட்டு."

"வருத்தமா இருக்கா?"

"மத்தியானம் இருந்துச்சு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா யோசிச்சிப் பாருங்க. ஆளு ஏற்கெனவே அங்கன நிக்கிறான். நாம சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தாப் போதும்."

மறுபடி வயலுக்குப் போனபோது அதைத்தான் ஆவுடைநாயகத்திடம் விளக்கினாள். டீசலில் கரிச்சத்து மட்டுமே ஏராளமாக இருக்கிறது. பாக்டீரியா தன் உடம்பைக் கட்டிப் பெருக வேண்டுமென்றால் யூரியாவில் இருக்கிற தழைச்சத்தும் பாஸ்பேட்டில் இருக்கிற மணிச்சத்தும் வேண்டும். மண்ணில் இருந்ததை அது முதலிலேயே எடுத்துத் தீர்த்துவிடும். பிறகு எவ்வளவு டீசல் இருந்தாலும் வேலை ஓடாது.

"பயிருக்குப் போடுற உரத்த கிருமிக்குப் போடணும். அவ்வளவுதான?" என்றார் ஆவுடைநாயகம்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. உழுது காத்து விடணும். கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி வடியக்கூடாது. அந்த ஈரம் இருக்கணும்."

"இதுதான் தெரிஞ்ச வேலையாச்சே" என்று அவர் முகம் தெளிந்தது. உடனே யூரியா மூட்டையைப் பிரித்து முழுசாகக் கொட்டக் கிளம்பினார். ஜெபகனி ஓடிப்போய்த் தடுத்தாள். மொத்தமாகக் கொட்டினால் உப்பும் காரமும் ஏறி அந்தப் பாக்டீரியாவே மடிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும் என்றாள். "பிள்ளைக்குச் சோறூட்டுத மாதிரி" என்றாள் உலகம்மாள். அன்றிலிருந்து யூரியா அளக்கும் படி உலகம்மாள் கைக்குப் போய்விட்டது.

ஆவுடைநாயகம் உழுதார். மக்கிய சாணி உரத்தைக் கலந்து மறுபடி உழுதார். வாரம் ஒருமுறை கிணற்று மோட்டாரைப் போட்டு மண் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்தார். வழக்கமாகக் கோடையில் கிடை போடும் கோனாரிடம் கேட்டதற்கு, "ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டு. நீரு கிருமிய வச்சே ஓட்டும்" என்று சொல்லிவிட்டாராம். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் வேனல் காலத்தில் ஒருவர் ஓயாமல் உழுவதை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஜெபகனி சனிக்கிழமை தோறும் மண் எடுக்க வருவாள். வயலின் பல இடங்களில் மண் எடுத்துப் பைகளில் கட்டுவாள். மத்தியானம் உலகம்மாள் வீட்டில் சாப்பாடு. முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் போட்ட கூட்டாஞ்சோறு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. மகளையும் சிலநாள் கூட்டி வந்தாள். அந்தக் கோடை முழுக்க அவளுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை என்று ரிச்சர்ட் பிற்பாடு சொல்லுவான்.

முதலில் வாசம் போனது. சித்திரை முடிவதற்குள் வரப்பில் நின்றால் டீசல் தெரியவில்லை. ஆவுடைநாயகம் காசிலிங்கத்தின் தோளைத் தட்டி, "உம்ம டீச்சர் கெட்டிக்காரிவே" என்றார். ஜெபகனிக்கும் நம்பிக்கை ஏறியது. குடுவையில் டீசல் இறங்கிய வேகத்தை வைத்து, கார் நடவுக்குள் வயல் தயாராகிவிடும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

வைகாசிக் கடைசியில் எடுத்த மண்ணைச் சோதித்தபோது கணக்கு இடித்தது. டீசல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, ஆனால் அவள் சொன்ன அளவுக்கு இல்லை. எங்கே தவறு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு வயலிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய மண்ணாங்கட்டியைக் கையால் உடைத்தாள். மேலே வாசமே இல்லாத கட்டி, நடுவில் லாரி சாய்ந்த அன்றைக்குப் போலவே டீசல் அடித்தது.

குடுவையில் மண் மாவாகக் கரைந்து, எந்நேரமும் குலுங்கிக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு துளி டீசலையும் பாக்டீரியாவால் தொட முடிந்தது, ஆக்சிஜனும் தட்டாமல் கிடைத்தது. வயலில் அப்படியில்லை. களிமண் கட்டிக்குள் மாட்டிக்கொண்ட டீசலிடம் பாக்டீரியாவாலும் போக முடியாது, காற்றாலும் போக முடியாது. போதாததற்கு, டீசலில் இருக்கிற லேசான பகுதிதான் முதலில் தீரும். மிஞ்சுவது கடினமான, மெழுகுபோன்ற பகுதி. அதைத் தின்ன நாளாகும்.

அவள் நேரே போய் ஆவுடைநாயகத்திடம் சொன்னாள். "நான் சொன்ன கெடு தப்பாப் போச்சு அண்ணாச்சி. குடுவைய நம்பிச் சொல்லிட்டேன். வயலுக்கு இன்னும் நாளு வேணும். கார் வேண்டாம். ஐப்பசியில பிசானத்துக்கு நடுங்க."

அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். சுற்றியிருந்த வயல்களிலெல்லாம் மண்ணைச் சேறாக்கித் தொளி அடித்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். "வாசந்தான் போயிட்டே டீச்சர். ஊரே பச்சையா நிக்கயில நம்ம வயல் மட்டும் புழுதியா கெடந்தா பாக்கவே நல்லால்ல" என்றார் ஆவுடைநாயகம்.

உலகம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். "ஏன் போட்டு மல்லாடுதிய? பக்கத்து வயல் தண்ணி கசியுத கீழ மூலை எப்படியும் ஈரமாத்தான் கெடக்கும். அங்கன மட்டும் வரப்பு வச்சி நட்டுப் பாருங்க. மிச்சத்த டீச்சர் சொன்னபடி போடுங்க. எது நல்லாருக்குன்னு பாத்துக்கிடுவோம்."

ஜெபகனிக்கு அதில் மறுப்பு இல்லை. உள்ளபடி சொன்னால், ஒரே வயலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை கிடைத்ததில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூலையிலும் மற்ற இடத்திலும் அன்றைக்கே மண் எடுத்துக்கொண்டாள். இரண்டிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவுதான் மிச்சமிருந்தது.

மூலையில் தொளி அடித்தபோது தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. நட்ட நாற்று பச்சை பிடிக்கவில்லை. மஞ்சளாகவே நின்றது. டீசல் ஒரு பக்கம் வேரைச் சுட, நட்டதும் சேற்றின் மேல்பரப்பில் கொஞ்சநஞ்சம் காற்றோடு இருந்த பாக்டீரியாக்கள் பயிருக்கு முந்தித் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொண்டன. யூரியா தூவியதும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் தூர் கட்டவில்லை. கதிரில் முக்கால்வாசி பதர்.

மிச்ச வயலில் ஆவுடைநாயகம், மூலையின் தண்ணீர் கசிந்து வராதபடி நடுவே ஒரு வடிகால் வெட்டினார். மேற்கேயிருந்து சாரல் வீசிய நாட்களில் மண் சொதசொதவென்று ஆகாமல் பார்த்துக்கொண்டார். டிராக்டர் வைத்து, கட்டிகள் பொடியாகும்வரை குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். பொடியானதும் மறுபடி லேசாக டீசல் வாசம் கிளம்பியது. "பழைய குருடி கதவத் திறடி கதையா இருக்கே" என்று அவர் பதறினார்.

"இல்ல அண்ணாச்சி, நல்ல சேதிதான். உள்ள ஒளிஞ்சி கெடந்தது இப்பத்தான் வெளிய வந்திருக்கு. இனி அதுக்குக் காத்து கெடைக்கும்" என்றாள் ஜெபகனி.

அப்படியே ஆனது. ஆவணி, புரட்டாசியில் எடுத்த மண்ணில் எண்ணெய் மளமளவென்று குறைந்தது. பிறகு ஓரிடத்தில் வந்து மெதுவானது. கடைசியில் மிஞ்சியது மிகவும் சொற்பம், அந்த மெழுகுப் பகுதி. அது தண்ணீரில் கரையாது, வேரையும் தொடாது, மெள்ள மெள்ள மண்ணோடு மண்ணாகும் என்று அவள் கணித்தாள். ஆனாலும் இந்தமுறை வெறும் கணக்கை நம்பவில்லை. அந்த மண்ணை நாலு தொட்டியில் நிரப்பி, உலகம்மாள் வீட்டு முற்றத்தில் நெல்லை முளைக்கப்போட்டாள். பக்கத்தில் அடுத்த வயல் மண்ணிலும் போட்டாள். இரண்டும் ஒன்றுபோலவே வளர்ந்தன. உலகம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க மண்ணு, இது அவுக மண்ணுன்னு எழுதி வைக்கலைன்னா எனக்கே தெரியாது" என்றாள்.

ஐப்பசியில் பிசானம் நட்டார்கள். நடவு அன்றைக்கு ஜெபகனி லீவு போட்டுவிட்டு வந்தாள். காசிலிங்கமும் வந்திருந்தார். நடுகிற பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே போக, ஆவுடைநாயகம் அவர்கள் இருவரையும் மூலைக்குக் கூட்டிப்போனார். கார் அறுத்த பிறகு அங்கே நடவில்லை. மம்பட்டியால் ஒரு கொத்துப் போட்டுப் புரட்டினார். கறுத்த சேறு புரண்டது. டீசல் வாசம் மூக்கில் ஏறியது. ஜெபகனி அன்றைக்கு எடுத்துப் போன மண்ணைச் சோதித்தபோது, நான்கு மாதத்துக்கு முன் இருந்ததில் சிறு பங்குதான் குறைந்திருந்தது. ஒரே வயல், ஒரே மண், ஒரே பாக்டீரியா. தண்ணீர் மூடிய இடத்தில் காற்று இல்லாமல் வேலை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. காற்றில்லாமலே தின்கிற வகைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கு ஆண்டுக்கணக்கு வேண்டும்.

"வயல் முழுக்க நட்டிருந்தேன்னா இப்படித்தான் கெடந்திருக்கும்" என்றார் ஆவுடைநாயகம்.

"உங்க வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்க. அவங்க ஒரு மூலைதான் குடுத்தாங்க" என்றாள் ஜெபகனி.

"அவகிட்ட சொன்னா தலைமேல ஏறி உக்காந்துக்கிடுவா" என்று அவர் சிரித்தார்.

மாசியில் நெல் விளைந்தது. மற்ற வருஷங்களைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆவுடைநாயகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காசிலிங்கம் இந்த விஷயத்தை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அம்பாசமுத்திரத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்கு ஜெபகனியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மேடையில் உடைத்த மண்ணாங்கட்டியைக் காட்டி, அதை வைத்தே பேசி முடித்தாள். கேட்டவர்களில் களக்காட்டிலிருந்து வந்த ஒருவர் தன் பம்புசெட் அடியில் ஆயில் ஊறிய மண்ணுக்கு என்ன செய்யலாமென்று கேட்டார். எஞ்சினில் ஓடிக் கழித்த ஆயில் என்றால் அதில் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது, அந்தக் கொஞ்ச மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றும், முடியாததை முடியாது என்றும் சொல்ல அவளுக்கு இப்போது தயக்கமே இல்லை.

அந்தக் கோடையில் வாய்க்காலில் தண்ணீர் நின்று மூலை காய்ந்ததும், அதையும் உழுது காற்று விட எடுத்தார்கள். ஆவுடைநாயகம் காலையிலேயே வடிகாலை ஆழப்படுத்தி வைத்திருந்தார். ஜெபகனி பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்து வரும்போது, டிராக்டர் முதல் சால் போட்டுக்கொண்டிருந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாகப் புரண்டது. டீசல் வாசம் காற்றில் வந்தது. உலகம்மாள் யூரியாப் படியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நாளாகும்னு இந்தத் தடவ கேக்கமாட்டேன்" என்றார் ஆவுடைநாயகம்.

"கேட்டாலும் சொல்லமாட்டேன்" என்றாள் ஜெபகனி. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, மண் எடுக்கப் பையோடு வயலுக்குள் இறங்கினாள்.